சாப்பாட்டு நேரத்திலிருந்து பின்னோக்கி

டொராண்டோவின் ஸ்கார்பரோ, நகரை ஒட்டிய மார்க்கம் மண்டபங்களில் ஈழத்தமிழர் வீட்டு வரவேற்பு விருந்துகளில் ஒலிவாங்கியுடன் ஒரு நிகழ்ச்சித் தொகுப்பாளர் நிற்பதைப் பார்க்கலாம். அவர் கையிலுள்ள தாளை அனுபவசாலிகள் சாப்பாட்டு நேரத்திலிருந்து பின்னோக்கித்தான் எழுதுகிறார்கள். சமையலறையில் உணவு தயாராகும் நேரத்தை மட்டும் யாராலும் நகர்த்த முடியாது.

முந்நூறு பேர் வரும் விருந்து ஒன்றை எடுத்துக்கொள்வோம். சாப்பாடு 8.30 மணிக்கு. அதற்கு முன் மூன்று பேர் பேசுகிறார்கள். ஐந்து நிமிடம் கேட்பவர் எட்டு நிமிடம் பேசுவார் என்று வைத்தால், பேச்சுக்கு 25 நிமிடம் வேண்டும். கேக் வெட்டப் பத்து, மணமக்கள் நுழைவுக்குப் பதினைந்து. ஆக, 7.40க்குக் கதவு திறக்க வேண்டும். அழைப்பிதழில் 6.30 என்று அச்சிட்டிருப்பது வந்தவர்கள் அமர்வதற்காக.

இந்த நேரங்கள் தாளின் ஓரத்தில் மட்டுமே இருக்கும். சபைக்கு வரிசை போதும். “அடுத்து மணமகளின் தந்தை பேசுகிறார், அதன்பின் இராப்போசனம்” என்றால் தாமதம் யாருக்கும் தெரியாது. “சரியாக எட்டரைக்குச் சாப்பாடு” என்று சொல்லிவிட்டாலோ, 8.31க்கே தாத்தாக்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். மணிக்கணக்கு சமையலறைப் பொறுப்பாளர், டிஜே, படப்பிடிப்பாளர் மூவருக்கும் உரியது. அவர்களிடம் அதே தாளின் பிரதி இருக்க வேண்டும்.

நுழைவு அறிவிப்பில் சொல்வரிசை மிக முக்கியம். “எல்லோரும் எழுந்து நின்று கைதட்டி வரவேற்போம், இதோ...” என்ற பிறகுதான் மணமக்களின் பெயர் வர வேண்டும். கடைசிப் பெயரே டிஜே பாட்டைத் தொடங்குவதற்கான குறிப்பு. பெயரை முதலில் சொன்னால், தொகுப்பாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே பாட்டு எழும்பிவிடும். வாசலில் ஜோடி தயங்கி நிற்கும். பெயர்களின் உச்சரிப்பையும் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. மாப்பிள்ளையின் பெயரைத் தவறாகச் சொன்னால் அந்தத் தருணத்தைத் திரும்பக் கொடுக்கவே முடியாது.

தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொரு வரியையும் இருமுறை சொன்னால் நேரம் இரட்டிப்பாகும். சாப்பாட்டு மேசைக்கு எந்த வரிசை முதலில் போகலாம் என்பது போன்ற வழிகாட்டல்களை இரு மொழியிலும் சொல்ல வேண்டும். மற்றவற்றில் பேச்சாளரின் மொழியே அறிமுகத்தின் மொழியாக இருக்கலாம்.

இனி, வெளியே படமெடுக்கப் போன மணமக்கள் எட்டு மணிக்குத்தான் வருகிறார்கள் என்றால்? நுழைவு முடிய 8.15, கேக் முடிய 8.25. மூன்று பேச்சும் நடந்தால் 8.50 ஆகிவிடும், சோறு ஆறிவிடும். எனவே தந்தையின் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு, நண்பர்கள் இருவரையும் இனிப்பு பரிமாறும் நேரத்துக்குத் தள்ளிவிடுவார் கைதேர்ந்த தொகுப்பாளர். 8.33க்கு முதல் வரிசை உணவுக்கு எழும். இதை அந்த நண்பர்களிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு, சமையலறைக்கும் தெரிவித்த பிறகுதான் அவர் ஒலிவாங்கியைத் தொடுவார்.