பேரியமும் பொது அயனியும்

உணவுக்குழாயும் குடலும் எலும்பைப் போல எக்ஸ்ரே கதிர்களைத் தடுப்பதில்லை. அதனால், சாதாரண எக்ஸ்ரே படத்தில் அவற்றின் உட்புறம் தெளிவாகத் தெரியாது. இக்குறையைப் போக்க, சில பரிசோதனைகளுக்கு முன்னர் நோயாளிக்குச் சுண்ணாம்புக் கலவை போன்ற வெண்ணிறத் திரவம் ஒன்று குடிக்கத் தரப்படுகிறது. அதில் மிதக்கும் வெண்தூள் பேரியம் சல்பேட் ஆகும். பேரியம் கனமான தனிமம் என்பதால் அது கதிர்களை நன்கு உறிஞ்சும். அதனால், அது பரவியுள்ள இடம் படத்தில் வெண்மையாகத் தெரியும்.

ஆனால், பேரியம் அயனி நச்சுத்தன்மை உடையது. அது இரத்தத்தில் கலந்தால் இரத்தத்திலுள்ள பொட்டாசியத்தின் அளவு குறையும்; தசைகள் தளரும்; இதயத்துடிப்பும் சீர்குலையும். பேரியம் சல்பேட்டைக் குடித்தவருக்கு இவை நேராததற்குக் காரணம், அது நீரில் மிக மிகக் குறைவாகவே கரைவதுதான். கரையாத தூள் உடலில் சேராமல் மலத்துடன் வெளியேறிவிடுகிறது.

பேரியத்தின் எல்லா உப்புகளும் இப்படிப்பட்டவை அல்ல. பேரியம் கார்பனேட்டும் நீரில் அரிதாகவே கரையும். ஆயினும், இரைப்பையிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதனுடன் வினைபுரிந்து, எளிதில் கரையும் பேரியம் குளோரைடாக மாற்றிவிடும். 2003ஆம் ஆண்டு பிரேசில் நாட்டில், பேரியம் கார்பனேட் கலந்திருந்த எக்ஸ்ரே திரவத்தைக் குடித்த பலர் உயிரிழந்தனர்.

கரையும் பேரியம் உப்பை ஒருவர் விழுங்கிவிட்டால், மருத்துவர்கள் சோடியம் சல்பேட் அல்லது மெக்னீசியம் சல்பேட் கரைசலைக் குடிக்கக் கொடுப்பதுண்டு. குடலில் உள்ள பேரியம் அயனிகள் சல்பேட் அயனிகளுடன் சேர்ந்து, கரையாத வீழ்படிவாக மாறுகின்றன. சல்பேட் தேவைக்கு மேல் இருப்பதால், அந்த வீழ்படிவு மீண்டும் கரைவதும் மிகவும் குறைகிறது. இதற்குக் காரணம் பொது அயனி விளைவு ஆகும்.

பேரியம் சல்பேட்டின் தெவிட்டிய கரைசலில் பின்வரும் சமநிலை நிலவுகிறது:

BaSO₄(s) ⇌ Ba²⁺(aq) + SO₄²⁻(aq)

இரண்டு அயனிகளின் செறிவுகளைப் பெருக்கினால் கிடைக்கும் மதிப்பு, ஒரே வெப்பநிலையில் மாறாதது. அதுவே கரைதிறன் பெருக்கம். 25 °C வெப்பநிலையில் அதன் மதிப்பு ஏறத்தாழ 1.1 × 10⁻¹⁰ ஆகும். சல்பேட்டின் செறிவு கூடினால், பெருக்கம் மாறாதிருக்கப் பேரியத்தின் செறிவு குறைய வேண்டும். எவ்வளவு குறையும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

முதலில் தூய நீரை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டரில் s மோல் கரைந்தால், இரண்டு அயனிகளின் செறிவும் s ஆகும்.

s × s = 1.1 × 10⁻¹⁰
s = 1.05 × 10⁻⁵ mol/L

ஒரு மோல் பேரியம் சல்பேட்டின் நிறை 233 கிராம். ஆகவே, ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 2.4 மில்லிகிராம் மட்டுமே கரைகிறது.

அடுத்து, 0.10 mol/L செறிவுள்ள சோடியம் சல்பேட் கரைசலை எடுத்துக்கொள்வோம். இதில் 0.10 mol/L சல்பேட் முன்னரே உள்ளது.

s × (0.10 + s) = 1.1 × 10⁻¹⁰

தூய நீரிலேயே s மிகச் சிறியது. இங்கு அது இன்னும் சிறியதாகவே இருக்கும். ஆதலால், அடைப்புக்குறிக்குள் உள்ள s-ஐ விட்டுவிடலாம்.

s × 0.10 = 1.1 × 10⁻¹⁰
s = 1.1 × 10⁻⁹ mol/L

கரைதிறன் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. அது சுழியம் ஆகவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கரைதிறன் பெருக்கமும் மாறவில்லை, கரைதிறன்தான் மாறியது. மாணவர் பலர் குழம்புவது இவ்விடத்தில்தான்.

சோடியம் சல்பேட்டுக்குப் பதிலாகச் சமையல் உப்பைச் சேர்த்தால் என்ன ஆகும்? அதில் பேரியமும் இல்லை, சல்பேட்டும் இல்லை. ஆகவே கரைதிறன் குறையாது. மாறாக, சற்றே கூடும். கரைசலில் அயனிகள் மிகும்போது அவற்றின் மின்சுமைகள் பேரியம், சல்பேட் அயனிகளைச் சூழ்ந்து, அவை மீண்டும் இணைவதற்குத் தடையாகின்றன. சோடியம் சல்பேட் கரைசலிலும் இத்தடை ஓரளவு உண்டு. எனவே, மேற்கண்ட விடையைவிட உண்மையான கரைதிறன் அதிகமாகவே இருக்கும்.

சல்பேட்டை எவ்வளவு சேர்த்தாலும் நல்லது என்றும் எண்ணிவிடக் கூடாது. அடர் சல்பூரிக் அமிலத்தில் பேரியம் சல்பேட் கரைந்துவிடுகிறது. மருத்துவத்திலும் ஓர் எல்லை உண்டு. சல்பேட் கரைசல் வாய்வழியாகவே தரப்படுகிறது. அதை நரம்பில் ஏற்றினால், இரத்தத்திலுள்ள பேரியம் வீழ்படிவாகிச் சிறுநீரகத்தில் தங்கிவிடக்கூடும்.