சுவருக்கு முன் தூணை வரையுங்கள்

கட்டடக்கலை மாணவர்களிடம் பெயர்பெற்ற ஒரு கட்டடத்தைக் கொடுத்து, அதன் பிளானை மறுபடி வரைந்து வரச் சொல்வது பழைய வழக்கம். பலர் புத்தகப் படத்தின் மேல் டிரேசிங் பேப்பரை விரித்துக் கோடு மாறாமல் நகலெடுத்துவிடுகிறார்கள். கைவேலை முடிந்துவிடும், கட்டடம் பிடிபடாது.

பாரீசுக்கு அருகே புவாசியில் லெ கார்பூசியே 1931இல் முடித்த வில்லா சவோய் வீட்டை எடுத்துக்கொள்வோம். முதலில் சுவர்களை விட்டுவிட்டு, 4.75 மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக ஐந்தைந்து கோடுகள் போடுங்கள். கோடுகள் வெட்டும் இடமெல்லாம் தூண் வரவேண்டும். வெளி வரிசைகளில் அப்படியே வரும். உள்ளே வந்ததும் கணக்கு பிசகும். நடுக்கோட்டில் தூண் நின்றால் வாசலுக்கு நேரே மேலேறும் சாய்தளத்தை அது மறித்துவிடும். ஆகவே அங்கே தூண்கள் ஜோடியாகப் பிரிந்து இருபுறமும் ஒதுங்கி நிற்கின்றன. சீரான சட்டகத்தைவிட நடந்து ஏறும் பாதைக்கே அவர் முதலிடம் கொடுத்தார் என்பதை அந்த விலகல் சொல்லிவிடுகிறது. நகலெடுப்பவர் இதைக் கவனிக்காமலே தாண்டிப் போய்விடுவார்.

அடுத்தது வெட்டுப்படம். எங்கே வெட்டுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். அழகான அறைகள் வழியாக வெட்டினால் அடுக்கி வைத்த பெட்டிகள் மாதிரி இருக்கும், வேறொன்றும் தெரியாது. சாய்தளத்தின் நீளவாக்கில் வெட்டுங்கள். அது போய்த் திரும்பும் இரட்டைப் பாதை என்பதால் வெட்டுக்கோடு ஒரு பாதையில்தான் விழும். அதைத் தடித்த கோட்டிலும், பின்னால் தெரியும் மற்றதை மெல்லிய கோட்டிலும் காட்டுங்கள். தரைத்தளக் கூடத்தில் தொடங்கும் சாய்தளம், முதல் மாடியில் திறந்தவெளிக்கு வந்து, வானத்தைப் பார்த்தபடி மொட்டைமாடிக்கு ஏறுவது அப்போது ஒரே படத்தில் தெரியும்.

மூன்றாவதாக நடமாட்டப் படம். வெறும் அம்புக்குறி போட்டால் போதாது, யார் போகிறார்கள் என்பதற்கு ஒரு நிறம் வேண்டும். காருக்கு ஒன்று: வீட்டுக்கு அடியில் நுழைந்து வளைந்து போகும் அதன் தடத்தையொட்டியே தரைத்தளக் கண்ணாடிச் சுவரும் வளைகிறது. சாய்தளத்தில் மெதுவாக ஏறும் குடும்பத்துக்கும் விருந்தாளிக்கும் ஒன்று. தரைத்தளத்தில் தங்கிய வேலைக்காரர்களுக்கு ஒன்று. அவர்கள் சுழல்படியில் சட்டென்று மாடிக்குப் போய்விடலாம். மூன்றும் எங்கே சந்திக்கின்றன, எங்கே விலகுகின்றன என்று பார்த்தால் அந்த வீட்டின் எசமான், வேலையாள் உறவும் தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. 1928இல் போட்ட முதல் திட்டத்தில் மொட்டைமாடி மட்டத்தில் படுக்கையறை இருந்தது. செலவைக் குறைக்க அது நீக்கப்பட்டது. இன்று மேலே நிற்கும் வளைந்த சுவர்கள் வெயில் காயும் இடத்துக்கு மறைப்பு மட்டுமே. கையில் உள்ள படம் எந்தத் திட்டத்தினுடையது என்று புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பென்சிலை எடுங்கள்.