இரும்புக்குப் பதிலாகக் கரையும் துத்தநாகம்

நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கிய ஓர் இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் விட்டு வையுங்கள். கொஞ்ச நேரத்தில் அதற்குள் துரு தோன்றிவிடும். அந்தச் சொட்டுக்கு அடியில் இரும்பு எங்கே அதிகமாக அரிக்கும் என்று கேட்டால், பெரும்பாலோர் விளிம்பைத்தான் காட்டுவார்கள். துருப்பிடிக்கக் காற்று வேண்டும், காற்று எளிதாக எட்டுவது விளிம்பில்தானே என்பது அவர்கள் கணக்கு. ஆனால் குழி விழுவது நடுவில். காற்று மிகக் குறைவாகப் போய்ச் சேரும் இடத்தில்தான் இரும்பு கரைகிறது.

இதைக் கண்ணால் காட்டியவர் கேம்பிரிட்ஜில் வாழ்நாள் முழுக்கத் துருவை ஆராய்ந்த யூலிக் எவான்ஸ். உப்பு நீரில் அவர் இரண்டு பொருள்களைச் சேர்த்துக்கொண்டார். இரண்டும் நம் மேல்நிலைப் பள்ளி ஆய்வகங்களில் இருப்பவைதான். ஒன்று பொட்டாசியம் பெரிசயனைடு. இரும்பு கரைந்து அயனியாக வரும் இடத்தில் அது அடர் நீலமாகும். இன்னொன்று பினாப்தலின்; காரத்தன்மை உண்டாகும் இடத்தில் இளஞ்சிவப்பாகும். சொட்டை வைத்ததும் நீலப் புள்ளிகளும் சிவப்புத் திட்டுகளும் கலந்து கலந்து தோன்றும். போகப் போக, சொட்டுக்குள் முன்பே கரைந்திருந்த ஆக்சிஜன் தீர்ந்ததும், நிறங்கள் பிரிந்துவிடும். நடுவில் நீலம், விளிம்பைச் சுற்றி இளஞ்சிவப்பு, இரண்டுக்கும் இடையே பழுப்பு நிறத்தில் துரு வளையம்.

நடந்தது இதுதான். நடுவில் இரும்பு அணு இரண்டு எலெக்ட்ரான்களைத் தகட்டிலேயே விட்டுவிட்டு, அயனியாகத் தண்ணீருக்குள் போகிறது.

Fe → Fe²⁺ + 2e⁻

விடப்பட்ட எலெக்ட்ரான்கள் உலோகத்தின் வழியாகவே விளிம்புக்கு ஓடுகின்றன. அங்கே காற்றிலிருந்து வந்த ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது.

O₂ + 2H₂O + 4e⁻ → 4OH⁻

பினாப்தலினைச் சிவக்க வைத்தது இந்த இரண்டாவது வினையில் பிறந்த காரம். இரும்பு அயனியும் இந்தக் காரமும் நடுவழியில் சந்தித்து, மேலும் ஆக்சிஜன் ஏறிப் பழுப்புத் துருவாகப் படிகின்றன. ஆக, ஆக்சிஜன் வந்து நேரடியாக இரும்பைத் தின்பதில்லை. இரும்பு கரையும் இடம் ஒன்று, ஆக்சிஜன் எலெக்ட்ரானைப் பெறும் இடம் வேறொன்று. கரையும் இடத்தை அனோடு என்றும், பெறும் இடத்தைக் கேத்தோடு என்றும் சொல்கிறார்கள். இரண்டையும் இணைக்க உலோகத்துக்குள் எலெக்ட்ரான் ஓட்டம், தண்ணீருக்குள் அயனி ஓட்டம். சுற்று முழுமையாக இருக்கும்வரை அது வேலை செய்யும் ஒரு பேட்டரிதான். உப்பு இருந்தால் தண்ணீரில் அயனிகள் எளிதாக நகரும். அதனால்தான் கடலோரத்தில் துரு இவ்வளவு வேகம்.

துரு தெரிகிற இடத்தைச் சுரண்டி பெயின்ட் அடித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. வாஷருக்கு அடியில், போல்ட் தலைக்குக் கீழே, சேறு அப்பிய கேட் காலில், ஆக்சிஜன் எட்டாத அந்த இடுக்குகளில்தான் உலோகம் குறைந்துகொண்டே போகும். வெளியே தெரியும் பழுப்பு, அந்த வினையின் மிச்சம் மட்டுமே.

மின்சாரம்தான் காரணம் என்றால், தடுக்கும் வழியும் அதிலேயே இருக்கிறது. ஆக்சிஜனுக்கு எலெக்ட்ரான்தான் வேண்டும். அது இரும்பிடமிருந்துதான் வர வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. இரும்பைவிட எளிதாக எலெக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் உலோகம் ஒன்றை இரும்போடு ஒட்டி வைத்தால் போதும். இந்தச் சுபாவத்தை வோல்ட்டில் அளக்கிறார்கள். துத்தநாகத்துக்கு −0.76, இரும்புக்கு −0.44, வெள்ளீயத்துக்கு −0.14. எண் எவ்வளவு கீழே இறங்குகிறதோ, அந்த உலோகம் அவ்வளவு எளிதாகக் கரையும். அதே நீல-சிவப்பு சோதனையை ஓர் ஆணியில் துத்தநாகப் பட்டையைச் சுற்றிச் செய்து பார்த்தால், ஆணியில் நீலமே வராது. ஆணி முழுதும் இளஞ்சிவப்பாக இருக்கும். மொத்த இரும்பும் கேத்தோடாகிவிட்டது. கரையும் வேலையைத் துத்தநாகம் ஏற்றுக்கொண்டது.

கால்வனைஸ் செய்த வாளியில் கீறல் விழுந்தாலும் அந்த இடம் உடனே துருப்பிடிக்காததற்கு இதுதான் காரணம். வெள்ளீயம் பூசிய டப்பாவில் விவகாரம் தலைகீழ். பூச்சு முழுசாக இருக்கும்வரை நல்ல காவல். ஆணி கிழித்துவிட்டால், ஈரக்காற்றில் வெள்ளீயம் கேத்தோடாகி, திறந்துகிடக்கும் அந்தச் சின்ன இரும்புக் கோட்டை அனோடாக்கி, பூச்சே இல்லாத இரும்பைவிட வேகமாக அரிக்க வைக்கும்.

இந்த யோசனையைக் கடலில் முதன்முதலில் பயன்படுத்திப் பார்த்தவர் ஹம்ப்ரி டேவி. அவர் காப்பாற்ற நினைத்தது இரும்பை அல்ல, செம்பை. பிரிட்டிஷ் கடற்படையின் மரக் கப்பல்களுக்கு அடியில் செம்புத் தகடு அடித்திருப்பார்கள். கடல் நீர் அதைத் தின்றுகொண்டிருந்தது. 1824-ல் டேவி, செம்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத் துத்தநாகமோ இரும்போ சேர்த்தாலே செம்பு தப்பிவிடும் என்று காட்டினார். அதாவது இன்று நாம் காப்பாற்றத் துடிக்கும் இரும்பு, அன்று பலியாடு. ‘சமராங்’ என்ற போர்க்கப்பலில் வைத்துப் பார்த்தார்கள். செம்பு அரிக்கவில்லை. ஆனால் கப்பல்களின் அடியெல்லாம் சிப்பியும் பாசியும் மண்டின. செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கடலில் கலந்ததுதான் அதுவரை அவற்றை விரட்டி வைத்திருந்தது. கரைவதை நிறுத்தியதும் அந்த நஞ்சும் நின்றுபோனது. கப்பல்களின் வேகம் குறைய, கடற்படை அந்தக் காப்புகளைக் கழற்றச் சொல்லிவிட்டது. வேதியியல் சரியாகவே வேலை செய்தது என்பதுதான் இதில் வேடிக்கை. எஃகுக் கப்பல்கள் வந்த பிறகே டேவியின் முறைக்குச் சரியான இடம் கிடைத்தது.

இன்று கரையேற்றி வைத்திருக்கும் எஃகு விசைப்படகு எதையாவது சுற்றி வந்து பாருங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே, செங்கல் அளவில் சாம்பல் நிறக் கட்டிகள் பற்றவைக்கப்பட்டிருக்கும். ஜிங்க் அனோடு இவைதான். பின்பக்கம் அதிகமாக இருக்கும். புரொப்பல்லர் செம்புக் கலப்பு உலோகம். அது பக்கத்து எஃகைத் தன் பங்குக்கு அரிக்க வைக்கும் என்பதால் அங்கே காவல் கூடுதல்.

எவ்வளவு துத்தநாகம் வேண்டும்? இதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். ஒரு படகின் அடிப்பகுதியில் 100 சதுர மீட்டர் கடல் நீரில் மூழ்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல பெயின்ட் அடித்த எஃகுக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 15 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் போதும். மொத்தம் 1.5 ஆம்பியர். வருடத்துக்கு 8,760 மணி நேரம் என்றால், தேவை 13,140 ஆம்பியர்-மணி. ஒரு கிலோ துத்தநாகம் நடைமுறையில் 780 ஆம்பியர்-மணி தரும். வகுத்தால் கிட்டத்தட்ட 17 கிலோ. கட்டியைக் கடைசித் துளிவரை பயன்படுத்த முடியாது. அதற்கும் சேர்த்து 20 கிலோ வைத்தால் ஓர் ஆண்டு ஓடும். இதே படகில் பெயின்டே இல்லை என்றால் சதுர மீட்டருக்கு 100 மில்லி ஆம்பியருக்கு மேல் தேவைப்படும். அப்போது வருடத்துக்கு 100 கிலோவைத் தாண்டிவிடும். பெயின்ட் பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அது உரிந்த இடங்களைத் துத்தநாகம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றை நம்பி இன்னொன்றை விடுவது கட்டுப்படியாகாது.

கெட்டுப்போகும் விதங்களும் உண்டு. படகுக்குப் பெயின்ட் அடிக்கிற சுறுசுறுப்பில் கட்டிக்கும் சேர்த்து அடித்துவிடுவார்கள். பெயின்ட் மூடிய துத்தநாகம் தண்ணீரைத் தொடாது; அது வெறும் பாரம். போல்ட் போட்டு மாட்டும்போது அடியில் பழைய பெயின்ட் இருந்தால் உலோகத்தொடர்பு அறுந்து, எலெக்ட்ரானுக்கு வழியில்லாமல் போகும். மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. துத்தநாகத்தில் இரும்பு மாசாகக் கலந்திருந்தால், கட்டியின் மேல் கெட்டியான தோல் படிந்து கரைவதே நின்றுவிடும். அதனால் அனோடுக்கான துத்தநாகத்தில் இரும்பு 0.005 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது அமெரிக்க ராணுவத் தரவிதி. கிடைத்த பழைய துத்தநாகத்தை உருக்கி வார்த்து மலிவாகத் தரும் கட்டிகள் இங்கேதான் சொதப்பும்.

படகைக் கரையேற்றும்போது கட்டி வைத்தது வைத்தபடி புதிதாகவே இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். அது வேலையே செய்யவில்லை. குழி குழியாகி, வெளுத்து, பாதி கரைந்திருந்தால்தான் சரி. அந்த நிலையில் மாற்றிவிட வேண்டும். தண்ணீரில் இருக்கும்போதே தெரிந்துகொள்ளவும் முடியும். வெள்ளி–வெள்ளிக் குளோரைடு அளவுமுனை ஒன்றைக் கடலில் தொங்கவிட்டு, மல்டிமீட்டரின் மறுமுனையைப் படகின் எஃகில் வைத்துப் பார்க்கிறார்கள். காவலில்லாத எஃகு −0.6 வோல்ட் அளவில் காட்டும். −0.80 அல்லது அதற்குக் கீழே இறங்கியிருந்தால் படகு பாதுகாப்பாக இருக்கிறது.

எல்லாத் தண்ணீரிலும் துத்தநாகம் எடுபடாது. நல்ல தண்ணீரில் அயனிகள் குறைவு, மின்னோட்டம் தடுமாறும். இன்னும் பலமாகத் தள்ளும் உலோகம் வேண்டும். வீட்டு கெய்சரின் தொட்டிக்குள் நீளமான மக்னீசியம் கம்பி ஒன்று இருப்பது அதற்காகத்தான். அது தீர்ந்த பிறகும் மாற்றாமல் விட்டால், கரைவது தொட்டியின் முறை. கெய்சர் வாங்கும்போது கடைக்காரர் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. துத்தநாகத்துக்கு வெந்நீரும் ஆகாது. சுமார் 60 டிகிரிக்கு மேல், சிலவகை நீரில், துத்தநாகத்தின் மேல் படியும் பொருளால் நிலைமை மாறி, இரும்பே அனோடாகிவிடுவது உண்டு.

மிகப் பெரிய எல்லை, இந்தக் காவல் தண்ணீருக்குள் மட்டுமே செல்லும் என்பது. அயனிகள் நகரத் தொடர்ச்சியான நீர் வழி வேண்டும். அலை தெறித்து நனைந்து காய்ந்து நனையும் பகுதிக்கு, கீழே மூழ்கியிருக்கும் அனோடால் எலெக்ட்ரான் அனுப்ப முடியாது. அரிப்பு மிக அதிகமாக இருப்பதும் அங்கேதான். 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் தூக்கு உத்திரங்கள் இந்த நிலையில்தான் நூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றன. 2022 டிசம்பரில் அதில் ரயில் ஓட்டத்தை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் எஃகின் மேல் துத்தநாகத்தை உருக்கித் தெளித்து, அதற்கு மேல் பாலிசிலாக்சேன் பெயின்ட் பூசியிருக்கிறார்கள். பெயின்டில் கீறல் விழுந்தால், அந்த இடத்தில் படியும் உப்பு ஈரமே சுற்றை முடித்துக்கொடுக்கும். பக்கத்திலுள்ள துத்தநாகம் சில மில்லிமீட்டர் தூரம் வரை இரும்புக்குப் பதிலாகக் கரையும். கீறல் அதைவிட அகலமானால், ஆள் ஏறிப் பூசித்தான் ஆக வேண்டும்.