மவுஸ் வாங்கும் முன் ஒரு சின்னக் கணக்கு

மவுஸ் பெட்டியின் மேல் '26,000 டிபிஐ' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். விலையும் அதற்கேற்ப ஏறியிருக்கும். வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

மவுஸை ஒரு அங்குலம் நகர்த்தினால் அது கம்ப்யூட்டருக்கு எத்தனை எண்ணிக்கை அனுப்புகிறது என்பதுதான் டிபிஐ. விண்டோஸின் வழக்கமான வேகத்தில் ஒரு எண்ணிக்கைக்கு அம்புக்குறி ஒரு பிக்சல் நகரும். சாதாரண அலுவலகத் திரையின் அகலம் 1920 பிக்சல். 1000 டிபிஐ வைத்தால், கை ஐந்து சென்டிமீட்டர் போவதற்குள் அம்புக்குறி திரையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போய்விடும். மணிக்கட்டை லேசாக அசைத்தாலே போதும். 26,000 வைத்தால் அதே தூரத்துக்கு இரண்டு மில்லிமீட்டர்கூட வேண்டாம். மூச்சு விட்டாலே அம்புக்குறி ஓடிவிடும். 4கே திரை இருந்தாலும் 1600 டிபிஐக்கு ஆறு சென்டிமீட்டர்தான் ஆகிறது. அதற்கு மேலே இருக்கும் எண்களை யாரும் பயன்படுத்துவதில்லை. மலிவான மவுஸ்களிலேயே 1000 டிபிஐ கிடைக்கிறது.

இந்தக் கணக்கு சரியாக வர ஒரு வேலை பாக்கி. `Win + R` அழுத்தி `main.cpl` என்று அடித்து, வரும் பெட்டியில் `Enhance pointer precision` என்பதன் டிக்கை எடுத்துவிடுங்கள். அது இருந்தால், வேகமாக நகர்த்தும்போது அம்புக்குறி அதிக தூரமும் மெதுவாக நகர்த்தும்போது குறைந்த தூரமும் போகும். டிபிஐ எண்ணை வைத்துத் தூரத்தைச் சொல்ல முடியாது.

இனி விளையாட்டுக்கு வருவோம். வேலோரன்ட் ஆடும் என் அக்கா மகன் 800 டிபிஐதான் வைத்திருக்கிறான். விளையாட்டுக்குள் சென்சிட்டிவிட்டி 0.35. "இவ்வளவு கம்மியா?" என்று கேட்டால், "அப்பதான் மாமா எய்ம் நிக்கும்" என்கிறான். அவன் சொல்வது சரி. வேலோரன்டில் சென்சிட்டிவிட்டி 1 என்றால் ஒரு எண்ணிக்கைக்குப் பார்வை 0.07 டிகிரி திரும்பும். 0.35 என்றால் 0.0245 டிகிரி. முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டு 180 டிகிரி திரும்ப 7,347 எண்ணிக்கை வேண்டும். 800 டிபிஐயில் அது ஒன்பது அங்குலத்துக்குச் சற்று மேல், அதாவது 23 சென்டிமீட்டர். அலுவலகத்தில் மணிக்கட்டு செய்த வேலையை இங்கே முழங்கை செய்கிறது. வழக்கமான சின்ன மவுஸ்பேடின் அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதால் அது இவனுக்குப் பற்றாது.

சென்சாரின் தரம் தெரிவது இந்த இடத்தில்தான். மவுஸின் அடியில் இருப்பது ஒரு குட்டி கேமரா. மேஜைப் பரப்பை நொடிக்கு ஆயிரக்கணக்கில் படமெடுத்து, முந்தைய படத்துக்கும் இந்தப் படத்துக்கும் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்க்கிறது. கை ரொம்ப வேகமாகப் போனால் இரண்டு படத்துக்கும் பொதுவாக எதுவும் இருக்காது. அப்போது கேமராவுக்குத் தடம் தவறும். பார்வை வானத்தையோ தரையையோ பார்த்து நின்றுவிடும். இதற்கான எல்லையை ஐபிஎஸ் என்று குறிப்பிடுகிறார்கள்: நொடிக்கு எத்தனை அங்குலம் என்று. பழைய அலுவலக சென்சார்களில் இது 30 அளவில் இருக்கும். 23 சென்டிமீட்டரை நொடியில் ஐந்தில் ஒரு பங்கில் இழுத்தால் சராசரி வேகமே 45 ஐபிஎஸ் தாண்டுகிறது; நடுவில் இன்னும் கூடும். பிக்ஸ்ஆர்ட் நிறுவனத்தின் பிஎம்டபிள்யூ 3360 சென்சாரின் எல்லை 250. மனிதக் கை அதை எட்டுவது கஷ்டம். அதனால் அந்தத் தரத்துக்கு மேல் வந்த புதிய சென்சார்களுக்கிடையே பார்க்கும் வித்தியாசம் விளம்பரத்துக்குத்தான் உதவும்.

உங்கள் மவுஸ் தேறுமா என்று வீட்டிலேயே பார்க்கலாம். பேடின் இடது ஓரத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, மவுஸை அதில் ஒட்டி நிறுத்துங்கள். விளையாட்டில் சுவரில் ஒரு புள்ளியைக் குறிவையுங்கள். வலப்பக்கம் சடாரென்று இழுத்துவிட்டு, மெதுவாக ஸ்கேலுக்கே திரும்பக் கொண்டுவாருங்கள். குறி அதே புள்ளியில் வந்து நின்றால் சென்சார் நல்லது. தள்ளிப்போய் நின்றால், வேகத்தில் எங்கோ எண்ணிக்கையை விட்டிருக்கிறது.

எடையும் இதே தூரக் கணக்கோடு ஒட்டியதுதான். 23 சென்டிமீட்டர் இழுத்த பிறகு மவுஸைத் தூக்கி மறுபடி நடுவில் வைக்க வேண்டும், ஓர் ஆட்டத்தில் நூற்றுக்கணக்கான முறை. அதனால்தான் லாஜிடெக் ஜி ப்ரோ எக்ஸ் சூப்பர்லைட்டை 63 கிராமுக்கும் கீழே கொண்டுவந்தார்கள். அலுவலகத்தில் மவுஸை யாரும் தூக்குவதில்லை. அங்கே 141 கிராம் இருக்கும் எம்எக்ஸ் மாஸ்டர் 3எஸ் நாள் முழுக்கக் கைக்குக் கீழே ஆடாமல் உட்கார்ந்திருக்கும். அதன் கனம் குறையே அல்ல. எடை குறைந்த மவுஸ் எல்லோருக்கும் நல்லது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை.

இரு தரப்புக்கும் பொதுவாக முக்கியமானது வடிவம். பெட்டியில் இதற்கு எண் கிடையாது. உள்ளங்கை முழுக்க மவுஸின் முதுகில் படிந்தால் பாம் கிரிப். உள்ளங்கையின் அடிப்பகுதி மட்டும் பட்டு, விரல்கள் வளைந்து நின்றால் க்ளா கிரிப். விரல் நுனிகள் மட்டும் தொட்டால் ஃபிங்கர்டிப். மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்து, அதில் 60 சதவீதத்தை மவுஸின் நீளமாக எடுத்துக்கொள்வது ஒரு தோராயக் கணக்கு. 18 சென்டிமீட்டர் கைக்கு 10.8 வருகிறது. பாம் கிரிப்புக்கு ஒரு சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளலாம்.

கடையில் கையில் எடுக்கும்போது ஆள்காட்டி விரலைக் கவனியுங்கள். நுனி பட்டனுக்கு வெளியே தொங்கினால் மவுஸ் சின்னது. உருளையைத் தொட விரலை நீட்ட வேண்டியிருந்தால் பெரியது. கட்டைவிரலாலும் மோதிரவிரலாலும் பிடித்து லேசாகத் தூக்குங்கள். இறுக்கிப் பிடித்தால்தான் வருகிறது என்றால், பக்கச் சுவர் உங்கள் கைக்குப் பொருந்தவில்லை. மேஜையில் வைத்துக் கையை அதன் மேல் தளர விடும்போது மணிக்கட்டு பின்பக்கமாக மடிகிறதா என்றும் பாருங்கள். எட்டு மணி நேரம் எக்செல் பார்ப்பவர்களுக்கு மணிக்கட்டில் வலி வர இந்த மடிப்பு ஒரு முக்கியக் காரணம். தட்டையான, அழகான மவுஸை விட்டுவிட்டு, உள்ளங்கை சாய்ந்துகொள்ள முதுகு உயர்ந்த மவுஸை அவர்கள் பார்க்கலாம். கைகுலுக்கும் நிலையில் பிடிக்கும் செங்குத்து மவுஸ் முன்கை முறுக்கிக்கொள்வதைக் குறைக்கும். ஆனால் நுணுக்கமாகக் குறிவைக்கும் வேலைக்கு அது மந்தம். விரல்கள் மரத்துப்போய் ராத்திரி தூக்கம் கலைகிறது என்றால் டாக்டரிடம் போக வேண்டும். மவுஸை மாற்றுவது அதற்கு வைத்தியமாகாது.

தோள்பட்டை வலி என்பவர்கள் மவுஸை மாற்றும் முன் கீபோர்டைப் பார்க்கலாம். வலது ஓரத்து நம்பர் கட்டங்களைத் தாண்டித்தான் மவுஸ் இருக்கும். கை அவ்வளவு தள்ளி நீண்டபடியே நாள் போகிறது. கணக்கு வேலை இல்லாதவர்கள் அந்தக் கட்டங்கள் இல்லாத கீபோர்டு வாங்கினால் மவுஸ் பத்து சென்டிமீட்டர் அளவுக்கு உள்ளே வந்துவிடும்.

என் அக்கா மகன் வைத்திருப்பது லாஜிடெக் ஜி304. சென்சார் அவன் ஆட்டத்துக்குத் தாராளம். பேட்டரியோடு சேர்த்து 99 கிராம் என்பதுதான் இடிக்கிறது. அதில் போடும் டபுள் ஏ பேட்டரியே 23 கிராம், அதுவும் பின்பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. தூக்கும்போது வால் தாழ்கிறது. சின்ன பிளாஸ்டிக் அடாப்டரில் டிரிபிள் ஏ பேட்டரியைப் போட்டதும் பத்து கிராம் போல இறங்கியது. சார்ஜ் பாதி நாள்தான் நிற்கும் என்பது அதற்கான விலை. ஆட்டத்தின் நடுவில் மவுஸ் செத்துப்போகாமலிருக்க, மானிட்டர் பக்கத்தில் ஒரு ஜோடி பேட்டரியை எப்போதும் வைத்திருக்கிறான்.