சித்துாரில் தொலைந்த சித்தூர்

வடக்கு எல்லைப் போராட்டம் நடந்த காலத்துப் பத்திரிகைப் பத்தி ஒன்றை ஸ்கேன் செய்து எழுத்துணரியில் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். கிடைத்த பிரதியில் ‘சித்தூர்’ என்று தேடினால் ஒன்றும் வரவில்லை. பிரதியைத் திறந்து படித்தாலோ அந்த ஊர்ப் பெயர் நாலு இடத்தில் கண்ணில் படுகிறது. கொஞ்சம் உற்றுப் பார்த்த பிறகுதான் விஷயம் புரியும். அங்கே இருப்பது சித்தூர் இல்லை, ‘சித்துார்’.

‘தூ’ என்ற எழுத்தின் அச்சு வடிவத்தைப் பார்த்தால் இதன் காரணம் தெரியும். ‘து’வுக்கு வலப்பக்கம் கால் போல ஒரு சுழி ஒட்டிக்கொண்டிருக்கும். எழுத்துணரி அதை ‘து’ என்றும் ‘கால்’ என்றும் இரண்டாகப் பிரித்துவிடுகிறது. மனிதக் கண் இரண்டையும் சேர்த்தே படித்துவிடும். கணினிக்கு அவை வேறு வேறு குறியீடுகள், எனவே தேடினால் கிடைக்காது. புத்தூர், புங்கனூர் என்று ‘ஊர்’ சேர்ந்த பெயர்கள் நிறைந்த வட்டாரம் இது. ஒரே பிழை பத்தி முழுக்கப் பரவிவிடும்.

இப்படி ஒரு பத்தியைத் தேடுவோர் இருப்பதற்குக் காரணம் உண்டு. 1957இல் சென்னை–ஆந்திர எல்லை பற்றிய படாஸ்கர் பரிந்துரை வந்தது, 1959இல் அதற்கான சட்டம் இயற்றப்பட்டது. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி சித்தூர் மாவட்டத்தின் திருத்தணி தாலுகாவும், புத்தூர், சித்தூர் தாலுகாக்களின் சில பகுதிகளும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது. எந்த ஊர் எந்தப் பக்கம் என்பதுதான் அன்றைய செய்தி. எனவே அந்தக் காலப் பத்திகளில் ஊர்ப் பெயர்கள் குவிந்து கிடக்கும். எழுத்துணரி அதிகம் தடுமாறுவதும் ஊர்ப் பெயர்களில்தான், ஏனென்றால் அவற்றைச் சரிபார்க்க எந்த அகராதியும் உதவாது.

முதல் வேலை கத்தரிப்பது. முழுப் பக்கத்தையும் அப்படியே கொடுத்தால், பக்கத்துப் பத்தியின் வரி இந்தப் பத்தியின் வரியோடு ஒட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து, கோணலை நிமிர்த்தி, தேவையான பத்தியை மட்டும் தனிப் படமாக வெட்டிக் கொடுக்க வேண்டும். இலவச எழுத்துணரியான டெசராக்டில் அதற்கு ஒரு வரி போதும்:

```
tesseract pathi.png pathi -l tam --psm 6
```

கடைசியில் உள்ள 6, ‘இது ஒரே சீரான பத்தி, வேறு அமைப்பு தேடாதே’ என்று சொல்வது. வெளிவரும் பிரதியில் நூறு எழுத்துக்கு இரண்டு தப்பு இருந்தால் நல்ல தேர்ச்சி என்றுதான் தோன்றும். ஆனால் ஏழு எழுத்துச் சொற்களாக வைத்துக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய எட்டில் ஒரு சொல் பழுது.

அந்தப் பழுதில் ஒரு பகுதியைக் கண்ணை மூடிக்கொண்டு திருத்தலாம். தமிழில் ‘உ’கரக் குறிக்குப் பின் கால் வரவே வராது. காலின் மேல் புள்ளியோ விசிறியோ (அதாவது இகர, ஈகாரக் கொக்கியோ) ஏறாது. பழைய அச்சில் ‘ரி’, ‘ர்’ எழுத்துகளில் ‘ர’வின் அடிக்கோடு இல்லாமல் வார்ப்பதுண்டு. அதனால் நகரி ‘நகாி’ ஆகும், ஊர் ‘ஊா்’ ஆகும். இந்த இரண்டு பிழைகளுக்கும் பைத்தானில், import re செய்த பிறகு, இரண்டு வரி:

```
s = re.sub('\u0bbe(?=[\u0bbf\u0bc0\u0bcd])', '\u0bb0', s)
s = s.replace('\u0bc1\u0bbe', '\u0bc2')
```

முதல் வரி, மேலே குறி ஏறிய காலை ‘ர’ ஆக்குகிறது. இரண்டாம் வரி, உகரமும் காலும் சேர்ந்ததை ஊகாரம் ஆக்குகிறது. சித்துாரும் நகாியும் இப்போது ஊர் திரும்பிவிட்டன.

அடுத்தது இவ்வளவு சுலபம் இல்லை. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன், பெரும்பாலான பத்திரிகைகளில் ணை, லை, ளை, னை ஆகியவை தும்பிக்கை வைத்த ஒற்றை வடிவங்கள். ணா, றா, னா மூன்றும் காலை விழுங்கிச் சுருண்ட வடிவங்கள். இன்றைய எழுத்துருக்களைப் பார்த்துப் பழகிய மென்பொருளுக்கு அவை தெரியாது. தும்பிக்கையைப் பார்த்து ஏகாரம் என்று நினைத்துக்கொள்ளும். எல்லை ‘எல்லே’ ஆகும், சென்னை ‘சென்னே’, திருமலை ‘திருமலே’. ‘என்றார்’ என்பது ‘என்ருர்’ என்று வரும். 1935 முதல் சீர்திருத்த எழுத்தில் அச்சான பெரியாரின் ஏடுகள் இந்த வகையில் பிழைத்தன, அன்றைக்கு அவற்றைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் உண்டு.

‘என்ருர்’ தானாகவே மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் தமிழ்ச் சொல்லுக்குள் ‘ன்’ஐ அடுத்து ‘ர’ வராது, ‘ற’தான் வரும். ‘எல்லே’யும் சொல்திருத்தியில் சிக்கிவிடும். ஆபத்து ‘தமிழர்களே’யில்தான். மூலத்தில் ‘தமிழர்களைக் கேட்காமல்’ என்று இருந்தது, பிரதியில் ‘தமிழர்களேக் கேட்காமல்’ என்று வந்திருக்கிறது. ‘தமிழர்களே’ நல்ல தமிழ்ச் சொல். எந்தச் சொல்திருத்தியும் வாய் திறக்காது. காட்டிக்கொடுப்பது நடுவில் நிற்கும் ‘க்’. இரண்டாம் வேற்றுமை ஐகாரத்துக்குப் பின் வல்லினம் மிகும், இந்த ஏகாரத்துக்குப் பின் மிகாது. ஒற்று இருந்தால் அது ஐகாரம்தான். அடுத்த சொல் ‘விட்டு’ என்றோ ‘மதித்து’ என்றோ தொடங்கினால் இந்தச் சாட்சியும் இல்லை. அப்போது படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதைத் தவிர வழி கிடையாது.

அதே ஒற்று வரி முடிவில் வேறொரு வம்பு செய்யும். குறுகலான பத்தியில் இணைப்புக்கோடு போடாமலே சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவது தமிழ் அச்சில் வழக்கம். வரி ‘திருத்’ என்று முடிந்து அடுத்த வரி ‘தணி’ என்று தொடங்கினால் ஒட்டிவிட வேண்டும். வரி ‘திருத்தணியைக்’ என்று முடிந்து அடுத்தது ‘கேட்டு’ என்று தொடங்கினால் இடைவெளி விட வேண்டும். இரண்டிலும் முடிவில் நிற்பது வல்லின ஒற்றுதான். ஒற்றை எடுத்துவிட்டுப் பார்த்தால், மிஞ்சுவது முழுச் சொல்லா என்பது தெரியும். ‘திருத்தணியை’ நிற்கும். ஆனால் ‘திரு’வும் நிற்கிறதே! அங்கேதான் ஊர்ப் பட்டியல் வேண்டியிருக்கிறது.

பட்டியல் கடைசியாகக் காப்பாற்றுவது குப்பம் என்ற ஊரை. பழைய ஈய எழுத்தில் ‘கு’வும் ‘சு’வும் மை கொஞ்சம் பரவினால் ஒன்றுதான். எழுத்துணரி ‘சுப்பம்’ என்று தரும், இலக்கணத்தில் அதற்குத் தடை ஒன்றும் இல்லை. ‘திருத்தனி’யும் அப்படியே. ‘நாடு’ ‘காடு’ ஆனால் இன்னும் மோசம், ‘தமிழ்க் காடு’ என்றுகூட யாராவது ஒற்றுப் போட்டுத் திருத்திவிடக் கூடும். பழைய சித்தூர் மாவட்டத்துத் தாலுகா, பிர்க்கா, கிராமப் பெயர்களை ஒரு கோப்பில் எழுதி வைத்து, பிரதியில் அதிலிருந்து ஒரே எழுத்து விலகி நிற்கும் சொற்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் படத்தோடு ஒப்பிட வேண்டும். தானாக மாற்றிவிடக் கூடாது. ‘குப்பன்’ என்று ஒருவர் அந்தப் பத்தியில் உண்மையிலேயே இருந்திருக்கலாம்.

நகரி, புத்தூர், பள்ளிப்பட்டுப் பக்கத்து வாசகர்கள் வீட்டில் 1960க்கு முந்தைய தமிழ்ப் பத்திரிகைத் துணுக்குகள் இருந்தால், பசை போட்டு ஒட்டாமல், தட்டையாக வைத்து முதலில் ஸ்கேன் செய்துவிடுங்கள். மடித்த கோட்டில் விழுந்த எழுத்தை எந்த இலக்கணத்தாலும் மீட்க முடியாது.

(தொடரும்)