வங்கி மூடிய 13½ மணி நேரம்

2024 ஜூலை 13, இரண்டாம் சனிக்கிழமை. அன்று அதிகாலை 3 மணி முதல் மாலை 4.30 வரை கணினி அமைப்பை மேம்படுத்தப் போவதாக எச்டிஎஃப்சி வங்கி முன்கூட்டியே அறிவித்தது. கிளைகளுக்கு விடுமுறை என்பதால்தான் அந்த நாள்.

அறிவிப்பில் நேரத்தைவிட முக்கியமானது, எது ஓடும், எது நிற்கும் என்ற விவரம். யுபிஐ முழு நேரமும் நிற்கவில்லை. அதிகாலை 3 முதல் 3.45 வரையும், காலை 9.30 முதல் பகல் 12.45 வரையும்தான். ஏடிஎம்மில் பணம் எடுக்கலாம், ஆனால் குறைந்த வரம்புக்குள். திரையில் தெரியும் இருப்பு, முந்தைய நாள் இரவு 7.30 மணிக் கணக்கு.

பழைய கணக்கு ஏன்? கணக்குகளைப் புது அமைப்புக்கு மாற்றும்போது நடுவில் யாராவது பணம் எடுத்தால், இரு பக்கக் கணக்கும் ஒத்துப்போகாது. அதனால் ஒரு நேரத்தில் கோடு கிழித்து, அந்த இருப்பை வைத்தே ஏடிஎம்மைச் சமாளிப்பார்கள். வரம்பைக் குறைப்பதும் இதற்காகத்தான்: உண்மையான இருப்பு கையில் இல்லாதபோது வங்கி பெரிய தொகைக்குத் துணியாது.

இப்படி அறிவிப்பு வந்தால் மருத்துவமனை, பயணச் செலவுக்கு முதல் நாளே ரொக்கம் எடுத்துவையுங்கள். யுபிஐயில் ஒருவருக்கு அனுப்பிய பணம் கழிந்தும் போய்ச் சேரவில்லையா? உடனே மறுபடி அனுப்பாதீர்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி அடுத்த நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.