‘கசியக் கூடாது’ என்றால் எவ்வளவு?

“நிலத்தடித் தளச் சுவர்கள் முற்றிலும் நீர் புகாதபடி, பொறியாளர் திருப்தியடையும் வகையில் அமைக்கப்பட வேண்டும்.” அடுக்குமாடிக் கட்டட ஒப்பந்தங்களில் இந்த வரியைப் பார்க்கலாம். படிக்கக் கண்டிப்பாகத்தான் இருக்கிறது. சண்டை என்று வந்தால் யாருக்கும் உதவாது.

சென்னையில் ஒரு கார் நிறுத்துமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஐப்பசி மழையில் நிலத்தடி நீர் ஏறி, தளத்தின் தரைமட்டத்துக்கு மேல் 3 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. சுவரின் அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறக்குறைய 3 டன் விசை அழுத்துகிறது. தரைக் கான்கிரீட்டும் சுவரும் சேரும் இணைப்பில் ஈரத் திட்டு தெரிகிறது. “கசிவு” என்கிறார் உரிமையாளர். “காற்றின் ஈரம் படிந்திருக்கிறது, கசிவு இல்லை” என்கிறார் ஒப்பந்ததாரர். ‘முற்றிலும்’ என்ற சொல் இருவருக்குமே இடம் கொடுக்கிறது.

பிரிட்டனின் BS 8102 தரநெறி இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, இடத்தின் பயன்பாட்டை வைத்துத் தரம் பிரிக்கிறது. கார் நிறுத்துமிடத்தில் ஓரளவு ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். குடியிருக்கும் அறைக்கு உலர்ந்த சூழல் வேண்டும். ஈரத் திட்டு வேறு, கசிவு வேறு என்றும் அது பிரித்துப் பார்க்கிறது. திட்டைத் தொட்டால் கையில் மெல்லிய ஈரம் ஒட்டலாம், ஆனால் சொட்டு இருக்காது.

இதை வைத்து அந்த வரியை இப்படித் திருத்தலாம்: “வெளியிலிருந்து வரும் நீர் சுவரின் உட்புறத்தில் சொட்டாகவோ வழிந்தோ தெரியக் கூடாது. தொட்டால் மட்டும் உணரக்கூடிய ஈரத் திட்டுகளை ஏற்கலாம். நீர் இறைக்கும் பம்புகளை நிறுத்தி, நிலத்தடி நீர் பழைய மட்டத்துக்குத் திரும்பிய பிறகே சோதிக்க வேண்டும்.” கடைசி வாக்கியத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பம்பு ஓடிக்கொண்டிருந்தால் சுவரின் மேல் அழுத்தமே இராது. எந்தச் சுவரும் தேறிவிடும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் முறையையும் எழுதிவைக்கலாம். பிளாஸ்டிக் தாள் ஒன்றைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி ஒரு நாள் விட வேண்டும். தாளுக்குப் பின்னால் முத்து முத்தாக நீர் கோத்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது; முன்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் காற்றிலிருந்து. இது முதற்கட்டச் சோதனைதான். கான்கிரீட் புதிதாக இருந்தால் அதற்குள்ளேயே தங்கியிருக்கும் நீரும் தாளின் பின்னால் தெரியும்.

பூச்சுக்கும் இதே கதைதான். ‘இரண்டு கோட் அடிக்கவும்’ என்றால் தண்ணீர் போல் நீர்த்து அடித்தாலும் இரண்டு கோட்தான். ‘காய்ந்த பின் எந்த இடத்திலும் 1.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது’ என்று எழுதினால் அளந்து பார்க்கலாம். கன அளவில் 60 சதவீதம் திடப்பொருள் உள்ள பூச்சு என்றால், ஈரமாக இருக்கும்போது மொத்தம் 2.5 மில்லிமீட்டர் வேண்டும்; அடிக்கும்போதே அளவுச் சீப்பால் ஒவ்வொரு கோட்டையும் சரிபார்த்துவிடலாம். மண் நிரப்பி மூடிய பிறகு அந்த வாய்ப்பு கிடையாது. அதனால் அளவைப் பதிவுசெய்து கையெழுத்தான பின்பே மண் போட வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் தனி வரியாக இருக்க வேண்டும்.